வெளிநாட்டுச் சந்தையில் நுழைய நான்கு வழிகள்: வெளியேறும் செலவிலிருந்து கணக்குப் போடுவது எப்படி

வேறொரு நாட்டில் பொருளை விற்க வேண்டும் என்று முடிவெடுத்த நிறுவனத்துக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. இங்கே செய்து அங்கே அனுப்பலாம், அது ஏற்றுமதி. அங்கே உள்ள ஒருவருக்குத் தொழில்நுட்பத்தையும் பெயரையும் கொடுத்து ராயல்டி வாங்கிக்கொள்ளலாம். அது உரிமம், பேச்சு வழக்கில் லைசென்ஸ். உள்ளூர்க்காரர் ஒருவரோடு பங்கு போட்டு ஒரு நிறுவனம் தொடங்கலாம். அது கூட்டு நிறுவனம். எல்லாம் நம் பணம், நம் ஆட்கள் என்று இறங்கினால் அது சொந்தத் துணை நிறுவனம்.

பாடப்புத்தகங்கள் இவற்றை ஒரு படிக்கட்டு போல வரிசைப்படுத்தும். மேலே ஏற ஏற செலவும் ஆபத்தும் கூடும், கட்டுப்பாடும் கூடும் என்பார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் ஒப்பந்தம் எழுத உட்காரும்போது இந்தப் படிக்கட்டு அவ்வளவாக உதவாது. நல்ல கையேடும் நல்ல மேற்பார்வையும் இருந்தால் உரிமத்திலேயே கட்டுப்பாடு கிடைக்கும். 51 சதவீதப் பங்கு கையில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றவர்களும் உண்டு. அதனால் நான் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன்: இரண்டு வருடத்தில் இது சரிப்படவில்லை என்றால், வெளியே வர எவ்வளவு ஆகும்? வரும்போது எதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்?

இதைப் பார்க்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆலைகளில் மூட்டைகளை எடை போடும் இயந்திரம் செய்கிறார்கள். ஒரு இயந்திரம் செய்ய 600 டாலர் ஆகிறது. தொழிற்சாலை வாசலில் விலை 1,000 டாலர். எடை இயந்திரம் என்பதால் போகும் நாட்டில் அளவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். விற்ற பிறகும் அவ்வப்போது ஆள் போய்ச் சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டும்தான் பின்னால் எல்லா முடிவுகளையும் இழுக்கப் போகின்றன.

முதல் படி: பொருள் அங்கே போய்ச் சேரும்போது என்ன விலை?

எந்த வழி என்று யோசிக்கும் முன்பு இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். கப்பல் கூலியும் காப்பீடும் 80 டாலர் என்றால் துறைமுகத்தில் 1,080. அதன் மேல் 15 சதவீதச் சுங்கவரி 162 டாலர், ஆக 1,242. உள்ளூர் விநியோகஸ்தர் தன் லாபமாக 30 சதவீதம் வைத்தால் 373 டாலர் கூடும். ஆலைக்காரர் கடைசியில் கொடுப்பது சுமார் 1,615. நமக்கு மிஞ்சுவது 400, விநியோகஸ்தருக்குக் கிட்டத்தட்ட அதே அளவு.

இப்போது அந்த 1,615-ஐ அங்கே ஏற்கெனவே விற்கும் இயந்திரங்களின் விலையோடு ஒப்பிடுங்கள். உள்ளூர்த் தயாரிப்பு 1,400-க்குக் கிடைக்கிறது, நம்முடையது கொஞ்சம் துல்லியம் கூடியது என்றால் ஏற்றுமதி தாக்குப்பிடிக்கும். அதே நாட்டில் சுங்கவரி 50 சதவீதம் என்று வையுங்கள். துறைமுக விலையோடு வரி சேர்ந்து 1,620, விநியோகஸ்தர் லாபமும் சேர்ந்தால் 2,106. அங்கே ஏற்றுமதி பற்றிப் பேச்சே கிடையாது. உள்ளூரில் செய்வது என்ற ஒரே திசையில்தான் யோசிக்க முடியும். பல நேரங்களில் வழியைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம் அல்ல, அந்த நாட்டின் சுங்க அட்டவணைதான்.

சட்டமும் சில நேரம் முடிவைக் கையிலிருந்து வாங்கிவிடும். சீனாவில் பயணிகள் கார் செய்யும் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 வரை இருந்தது. மின்சாரக் கார்களுக்கு மட்டும் 2018-இலேயே அது எடுக்கப்பட்டது. அதனால்தான் டெஸ்லாவால் ஷாங்காயில் முழுக்கச் சொந்தமான ஆலை கட்ட முடிந்தது. அதற்கு முன்பு வந்த பெரிய கார் நிறுவனங்கள் கூட்டாளியோடுதான் உள்ளே போனார்கள். ஆகவே விலைக் கணக்கை முடித்த கையோடு, அந்தத் தொழிலில் வெளிநாட்டுப் பங்குக்கு வரம்பு உண்டா, ராயல்டியை வெளியே அனுப்ப என்ன வரிப்பிடித்தம் என்ற இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஏற்றுமதி மலிவுதான், ஆனால் சான்றிதழ் யார் பெயரில்?

ஏற்றுமதியில் முதலீடு குறைவு. நம் எடை இயந்திர நிறுவனம் சான்றிதழ், பயணம், கண்காட்சி, உதிரிபாகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 டாலர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 இயந்திரம் விற்றாலே போட்டது வந்துவிடும். இதைப் பார்த்துத்தான் 'ஏற்றுமதியில் என்ன ஆபத்து?' என்று பலரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

ஆபத்து விநியோகஸ்தர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. முதல் வருடம் அவசரத்தில், 'சான்றிதழ் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று விநியோகஸ்தர் சொல்வார். நமக்கும் நிம்மதி. ஆனால் விண்ணப்பம் அவர் பெயரில் போனால் சான்றிதழும் அவர் பெயரில்தான் வரும். மூன்றாம் வருடம் விற்பனை படுத்துவிட்டது, ஆளை மாற்ற வேண்டும் என்று நினைக்கும்போதுதான் தெரியும், நம் இயந்திரத்தை விற்கும் அனுமதி நம்மிடம் இல்லை என்பது. திரும்ப முதலிலிருந்து சோதனை, கட்டணம், காத்திருப்பு. வணிகச் சின்னத்துக்கும் இதே கதைதான். பல நாடுகளில் யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்கே சின்னம் சொந்தம். முதல் பெட்டி கப்பல் ஏறும் முன்பே நம் பெயரில் பதிவு செய்து முடித்திருக்க வேண்டும்.

விநியோகஸ்தரும் முகவரும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். விநியோகஸ்தர் பொருளைத் தானே வாங்கி, தன் பணத்தில் இருப்பு வைத்து விற்கிறார். முகவர் ஆர்டர் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறார். பொருள் நம்முடையதாகவே இருக்கும். முகவருக்கு விலையை நாமே சொல்லலாம், வாடிக்கையாளர் பெயரும் நம் கையில் இருக்கும், அதனால் கட்டுப்பாடு அதிகம். ஆனால் வெளியேறும் செலவும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986-ஆம் வருட முகவர் விதிப்படி, ஒப்பந்தம் முடியும்போது முகவர் இழப்பீடு கேட்கலாம். அதில் ஒரு முறையில் உச்ச வரம்பு, கடந்த ஐந்து வருடங்களின் சராசரிப்படி ஒரு வருடக் கமிஷன். 'எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முகவருக்குக் கேடாக அந்த உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்க அந்த விதி இடம் தருவதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனைக்காக மட்டும் சண்டை போடலாம் என்றால், நான் குறைந்தபட்சக் கொள்முதல் நிபந்தனையைத்தான் எடுப்பேன். நாடு முழுவதற்கும் ஏகபோக உரிமை வேண்டும் என்று கேட்பவர், வருடத்துக்கு இத்தனை இயந்திரம் எடுப்பேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஏகபோகம் தானாகப் போய்விடும். இந்த நிபந்தனை இல்லாததால், போட்டிப் பொருளை விற்றுக்கொண்டே நம் பொருளை அலமாரியில் அடைத்து வைக்கும் விநியோகஸ்தரை எதுவும் செய்ய முடியாமல் போகிறது. இதற்கு ஒரு அடையாளம் உண்டு: உதிரிபாக ஆர்டர் வந்துகொண்டிருக்கும், புது இயந்திர ஆர்டர் வராது.

மூன்றாம் படி: எந்த எண்ணிக்கையில் சொந்த அலுவலகம் கட்டுப்படியாகும்?

சொந்தத் துணை நிறுவனம் என்றதும் எல்லோரும் ஆலையைத்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் வருவது விற்பனை அலுவலகம். பொருள் இங்கிருந்தே போகும். அங்கே நம் ஆட்கள் இறக்கி, விற்று, சரிபார்ப்பார்கள். விநியோகஸ்தருக்குப் போன 373 டாலர் நமக்கு வரும். பதிலுக்கு வாடகை, சம்பளம், வண்டி, கணக்காளர் எல்லாம் நம் தலையில். இதற்கு வருடச் செலவு 2,50,000 டாலர் என்று வைப்போம். முன்பு 40,000 செலவழித்த இடத்தில் இப்போது 2,10,000 கூடுதல்.

கணக்கு எளிது. 2,10,000-ஐ 373-ஆல் வகுத்தால் சுமார் 563. வருடத்துக்கு 563 இயந்திரத்துக்குக் கீழே விற்றால் விநியோகஸ்தரே லாபம். அதற்கு மேலே போனால் சொந்த அலுவலகம். 300 இயந்திரம் விற்கும் வருடத்தில் விநியோகஸ்தர் வழியில் 80,000 டாலர் கிடைக்கும். சொந்த அலுவலகமாக இருந்தால் 18,000 நஷ்டம். 1,000 விற்றால் நிலைமை தலைகீழ்: 3,60,000-க்கும் 5,23,000-க்கும் உள்ள வித்தியாசம்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கணக்குத்தான். விநியோகஸ்தரை விட்டு விலக, மிச்ச இருப்பைத் திரும்ப வாங்குவது உட்பட 60,000 டாலர் ஆகலாம். சொந்த அலுவலகத்தை மூட, மீதிக் குத்தகை, ஆட்குறைப்பு இழப்பீடு, தள்ளுபடியில் விற்ற சரக்கு எல்லாம் சேர்ந்து 3,00,000 ஆகலாம். 563 என்ற கோட்டைத் தொட்டவுடனே பாயக் கூடாது என்பதற்கு இந்த 2,40,000 வித்தியாசம்தான் காரணம். மூன்று வருடத்தில் அதை ஈடுகட்ட வேண்டும் என்றால் வருடத்துக்கு இன்னும் 80,000 வேண்டும். அதாவது கோடு சுமார் 780 இயந்திரத்துக்கு நகர்கிறது. அந்த எண்ணிக்கையை ஒரு வருடம் தொட்டால் போதாது, இரண்டு வருடம் தொடர்ந்து தொட வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஒரு பெரிய ஆலையின் ஆர்டர் ஒரு வருடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

வெளியேறும் செலவைக் கணக்கில் எடுக்காமல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் கனடாவுக்குப் போன கதை இருக்கிறது. 2011-இல் செல்லர்ஸ் என்ற கடைத்தொடரின் குத்தகைகளை மொத்தமாக வாங்கி, 2013-இல் திறப்பு விழாக்களை ஆரம்பித்து, சொந்தமாகவே 133 கடைகள் வரை போனார்கள். சரக்கு விவரங்கள் கணினியில் தப்பும் தவறுமாக ஏறியதால் கிடங்கில் பொருள் குவிந்திருக்க, கடையில் அலமாரி காலியாகக் கிடந்தது. 2015 ஜனவரியில் மொத்தமாக மூடுவதாக அறிவித்தார்கள். பத்துக் கடையோடு ஆரம்பித்திருந்தாலும் அதே தவறுகள் நடந்திருக்கும். ஆனால் அவற்றைப் பத்துக் கடையிலேயே திருத்தியிருக்கலாம். வாங்கிய குத்தகைகள் எல்லாவற்றையும் சீக்கிரம் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி, நுழைந்த வழியிலேயே இருந்தது.

நான்காம் படி: உரிமம் கொடுப்பதென்றால், எண்ணிப் பார்க்க ஒரு கைப்பிடி வேண்டும்

மீண்டும் அந்த 50 சதவீத வரி நாட்டுக்கு வருவோம். அங்கே ஒரு உள்ளூர் ஆலைக்கு உரிமம் கொடுக்கிறோம். அவர் 1,400-க்கு விற்கிறார், நமக்கு 6 சதவீத ராயல்டி, அதாவது 84 டாலர். வரிப்பிடித்தம் 10 சதவீதம் போனால் சுமார் 76. வருடத்துக்கு 500 விற்றால் 38,000. பயிற்சிக்கும் தணிக்கைக்கும் 15,000 கழித்தால் 23,000. ஏற்றுமதியில் ஒரு இயந்திரத்துக்கு 400 பார்த்தவருக்கு இது சில்லறையாகத் தெரியும். ஆனால் போட்ட பணம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வழியின் இரண்டு பக்கத்தையும் டிஸ்னி அனுபவித்திருக்கிறது. 1983-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்ட் டிஸ்னிக்குச் சொந்தமில்லை. ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் கட்டி நடத்துகிறது. டிஸ்னிக்கு நுழைவுக் கட்டணத்தில் 10 சதவீதமும், உணவிலும் விற்பனைப் பொருளிலும் 5 சதவீதமும் ராயல்டி என்பது ஏற்பாடு. பூங்கா பிரமாதமாக ஓடியது. லாபத்தின் பெரும்பகுதி ஓரியண்டல் லேண்டுக்குப் போனது. அந்த ஏக்கத்தில்தானோ என்னவோ, 1992-இல் பாரிஸ் அருகே திறந்த பூங்காவில் டிஸ்னி 49 சதவீதப் பங்கோடு இறங்கியது. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை, கடன் கழுத்தை நெரித்தது, 1994-இல் கடன்களை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. டோக்கியோவில் வெற்றி அடுத்தவர் பைக்குப் போனது. பாரிஸில் தோல்வி தன் பைக்கு வந்தது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: டோக்கியோ பூங்கா தரத்துக்குப் பேர் பெற்றது. எப்படி நடத்த வேண்டும் என்பதை எழுதி வைக்க முடிந்தது, நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. அப்படி எழுதவும் பார்க்கவும் முடிகிற பொருளுக்கு உரிமம் பொருந்தும்.

எடை இயந்திரத்தை ஆலைக்குள் போய் எண்ண முடியாது. உரிமம் பெற்றவர் 500 விற்றுவிட்டு 350 என்று கணக்குக் காட்டினால் எப்படித் தெரியும்? தணிக்கை உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஆனால் அதைவிட உறுதியான ஒரு வழி உண்டு. இயந்திரத்தின் உயிர் லோட் செல் என்ற உணரி. அதன் வரைபடத்தை மட்டும் கொடுக்காமல், நாமே செய்து அனுப்ப வேண்டும். ஒரு இயந்திரத்துக்கு நான்கு லோட் செல் என்றால், 2,000 லோட் செல் அனுப்பிய வருடத்தில் 500 இயந்திரம் விற்றாக வேண்டும். உதிரிபாகத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், 350 என்ற கணக்கு நிற்காது. இதே லோட் செல்தான் இன்னொரு வேலையும் செய்கிறது. உரிமக் காலம் முடிந்ததும் அவர் நம் இயந்திரத்தையே வேறு பெயர் ஒட்டி விற்க ஆரம்பிப்பது இந்த வழியின் பெரிய ஆபத்து. உயிர்நாடி நம்மிடம் இருக்கும்வரை அது அவ்வளவு சுலபமில்லை.

குறைந்தபட்ச ராயல்டி, உரிமம் பெற்றவர் செய்யும் மேம்பாடுகளை நாமும் பயன்படுத்தும் உரிமை, பக்கத்து நாடுகளுக்கு விற்கலாமா என்ற எல்லை ஆகிய மூன்றையும் எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம். எல்லை விதிப்பதைப் போட்டிச் சட்டம் தடுக்கும் நாடுகள் உண்டு என்பதால் அந்தக் கடைசி வரியை உள்ளூர் வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: கூட்டு நிறுவனத்தில் சதவீதத்தைக் கடைசியில் பேசுங்கள்

கூட்டு நிறுவனம் நடுவழி போலத் தெரியும். செலவு பாதி, ஆபத்து பாதி. நடைமுறையில் நான்கு வழிகளில் வெளியே வர மிகக் கடினமானது இதுதான். பேச்சுவார்த்தையில் முதல் நாளே '51 யாருக்கு?' என்ற சண்டை தொடங்கிவிடுகிறது. அது கடைசியில் பேச வேண்டிய விஷயம்.

பிரான்சின் உணவு நிறுவனமான டனோனும் சீனாவின் பான நிறுவனமான வஹாஹாவும் 1996-இல் கூட்டுச் சேர்ந்தார்கள். பின்னர் டனோன் கையில் 51 சதவீதம் வந்தது. ஆனால் அன்றாட நிர்வாகம் வஹாஹாவின் நிறுவனர் கையில். வஹாஹா என்ற சின்னத்தைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக ஏற்பாடு. அந்த மாற்றம் நடந்து முடியவில்லை. நாளடைவில் கூட்டுக்கு வெளியே இருந்த வஹாஹா நிறுவனங்களும் அதே பெயரில் அதே மாதிரிப் பொருள்களை விற்பதாக டனோன் குற்றம் சாட்டியது. 2007-இல் சண்டை வெளியே வெடித்து, பல நாடுகளில் வழக்கு நடந்து, 2009-இல் டனோன் தன் பங்கைக் கூட்டாளிக்கே விற்றுவிட்டு வெளியேறியது. காகிதத்தில் 51, சின்னமும் விநியோக வலையும் ஆட்களும் அந்தப் பக்கம்.

ஆக, முதலில் பேச வேண்டியது யார் கையில் எந்தச் சாவி என்பதுதான். சின்னம் யார் பெயரில்? நிதி அலுவலரை நியமிப்பது யார்? வாடிக்கையாளர் பட்டியல் எங்கே இருக்கும்? கூட்டாளிக்கு வெளியே வேறு என்னென்ன தொழில் இருக்கிறது, அது நம்மோடு மோதுமா? இவற்றில் நல்ல பதில் கிடைத்தால் 40 சதவீதமே போதும். கிடைக்காவிட்டால் 60-ம் பயன்படாது.

இரண்டாவது, லாபம் எந்தக் குழாய் வழியாக யாருக்குப் போகிறது என்று வரைந்து பாருங்கள். நம் எடை இயந்திரக்காரர் கூட்டு நிறுவனத்துக்கு லோட் செல் விற்பார், அதில் ஒரு லாபம். ராயல்டி இன்னொன்று. பிறகுதான் ஈவுத்தொகை. கூட்டாளிக்கு ஈவுத்தொகை மட்டுமே கிடைக்கும் என்றால், லோட் செல் விலையை ஐந்து டாலர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவர் பையிலிருந்து எடுப்பதாகவே அவர் நினைப்பார். அவர் நினைப்பது தவறும் இல்லை. அவரும் தன் உறவினர் நிறுவனத்திடமிருந்து இரும்புத் தகடு வாங்கிச் சமன் செய்வார். பல கூட்டுகள் முறிவது இந்த இடத்தில்தான். முறிவு வருவதற்கு முன்னறிகுறி: விற்பனை ஏறும், ஆனால் கூட்டு நிறுவனத்தின் லாபம் அப்படியே நிற்கும். தீர்வு, லோட் செல் விலைக்கு ஒரு சூத்திரத்தை முதலிலேயே எழுதி வைப்பது: செய்யும் செலவு, அதன் மேல் இத்தனை சதவீதம், வருடத்துக்கு ஒரு முறை திருத்தம்.

மூன்றாவது, பிரிவு. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யார் யாருடைய பங்கை வாங்குவது, என்ன விலைக்கு என்பதற்கு விதி வேண்டும். ஒருவர் விலை சொல்ல, அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் முடிவெடுக்கும் முறை ஒன்று உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் பணக்காரர், மறுபக்கம் கையில் ரொக்கம் இல்லாதவர் என்றால், பணக்காரர் குறைந்த விலை சொல்லியே எடுத்துக்கொண்டுவிடுவார். சிறிய நிறுவனங்களுக்கு, வெளியார் ஒருவர் மதிப்பிட்ட விலையில் தவணையாகப் பணம் கொடுக்கும் ஏற்பாடுதான் பாதுகாப்பு.

கடைசிப் படி: அடுத்த வழிக்கு மாறும் நிபந்தனையை இப்போதே எழுதுங்கள்

நம் நிறுவனம் 15 சதவீத வரி நாட்டில் முதல் வருடம் 300 இயந்திரம் விற்கும் என்று மதிப்பிடுகிறது. 780-க்கு வெகு தூரம். விநியோகஸ்தர் வழிதான் சரி. ஆனால் சரிபார்ப்பு வேலையில் தவறு நடந்தால் கெடப்போவது நம் பெயர். அதனால் அதற்கு மட்டும் நம் ஆள் ஒருவரை அங்கே வைக்கலாம். வருடம் 50,000 டாலர் கூடும், 80,000 லாபம் 30,000 ஆகும். நான் இதற்குச் சரி என்பேன். ஆலைகளின் பெயரும் முகவரியும் அந்த ஆளின் நோட்டில் ஏறிவிடும், நாளைக்குச் சொந்த அலுவலகம் திறக்கும்போது அந்த நோட்டோடுதான் திறப்போம்.

50 சதவீத வரி நாட்டில் லோட் செல்லை நாமே அனுப்பும் உரிமம். கூட்டு நிறுவனத்தை இரண்டிலும் இப்போதைக்குத் தொடவில்லை. உரிமம் பெற்றவர் மூன்று வருடம் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால், அவரோடு அதைப் பேசலாம்.

விநியோகஸ்தர் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனை இப்படி இருக்கும்: தொடர்ந்து இரண்டு வருடம் ஆண்டு விற்பனை 780-ஐத் தாண்டினால், ஆறு மாத முன்னறிவிப்போடு உற்பத்தியாளர் நேரடி விற்பனைக்கு மாறலாம்; கடந்த வருட லாபத்தில் இத்தனை பங்கை விநியோகஸ்தருக்குக் கொடுத்து, இருப்பை அவர் வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டு விநியோகஸ்தர் முகம் சுளிப்பார். 779-இல் நிறுத்திவிடுவாரோ என்ற பயம் நமக்கும் வரும். அதற்காகத்தான் அந்த ஈட்டுத்தொகையை, அவர் 779-இல் நின்று சம்பாதிப்பதைவிடக் கொஞ்சம் கூடவே வைக்க வேண்டும்.